கடிகாரம் காட்டும் எண்ணும் அது ஓடும் வேகமும்: பற்றாக்குறை வேறு, கடன் வேறு

நியூயார்க்கில் டைம்ஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில் 1989-இல் ஒரு பெரிய மின்னணுப் பலகை மாட்டப்பட்டது. அமெரிக்க அரசின் மொத்தக் கடன் எவ்வளவு, அதில் ஒரு குடும்பத்தின் பங்கு எவ்வளவு என்று அது காட்டிக்கொண்டே இருக்கும். சீமோர் டர்ஸ்ட் என்ற ரியல் எஸ்டேட் தொழிலதிபர் வைத்தது. கடைசி இலக்கங்கள் கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் ஓடும். அதைப் பார்த்தாவது மக்களுக்குக் கவலை வரட்டும் என்பது அவர் எண்ணம்.

2000 செப்டம்பரில் அந்தப் பலகையை அணைத்து, துணி போட்டு மூடிவிட்டார்கள். பழுது ஒன்றும் இல்லை. அரசின் பட்ஜெட்டில் உபரி வந்து, கடன் எண் இறங்கத் தொடங்கியிருந்தது. பின்னோக்கி ஓடும்படி அந்தப் பலகை வடிவமைக்கப்படவில்லை. இறங்கும் கடனைக் காட்டிப் பயமுறுத்துவதில் அர்த்தமும் இல்லை.

பற்றாக்குறைக்கும் கடனுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இந்தப் பலகையைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை. பலகையில் தெரிகிற எண், கடன். அந்த எண் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது, பற்றாக்குறை. எண் பெரிதாக இருக்கும்போதே வேகம் குறையலாம். எண் சிறிதாக இருக்கும்போது வேகம் தலைதெறிக்கவும் செய்யலாம். ஒன்றை வைத்து மற்றொன்றைச் சொல்லிவிட முடியாது.

பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்று நாம் சொல்வது பற்றாக்குறையைத்தான். ஒரு நிதியாண்டில் அரசுக்கு வந்த வரவைவிடச் செலவு எவ்வளவு அதிகம் என்பதே அது. ஆண்டு முடிந்தால் அந்தக் கணக்கும் முடிந்தது, அடுத்த ஆண்டுக்கு மறுபடியும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். கடன் அப்படி இல்லை. அதற்கு ஆண்டு கிடையாது, தேதிதான் உண்டு. இன்ன தேதியில் அரசு கொடுக்க வேண்டிய பாக்கி இவ்வளவு. பழைய ஆண்டுகளில் விழுந்த துண்டுகள் எல்லாம் அதில் கூடிக் கிடக்கின்றன, இடையிடையே வந்த உபரிகள் கழிந்திருக்கின்றன. ஆகவே ஒரு தொகையைப் படித்ததும் "எந்த ஆண்டுக்கு?" என்று கேட்கத் தோன்றினால் அது பற்றாக்குறை. "எந்தத் தேதியில்?" என்று கேட்க வேண்டியிருந்தால் அது கடன்.

இது தெரிந்தவர்களும் வழுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. பற்றாக்குறை குறைந்தது என்ற செய்தியைக் கடன் குறைந்தது என்று காது மாற்றிக் கேட்டுவிடுகிறது. அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். 2009 நிதியாண்டில் அங்கே துண்டு விழுந்தது சுமார் 1.41 லட்சம் கோடி டாலர். 2015-இல் அது சுமார் 44,000 கோடி டாலராக இறங்கியது. மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் அதே ஆறு ஆண்டுகளில் மொத்தக் கடன் சுமார் 11.9 லட்சம் கோடியிலிருந்து 18.1 லட்சம் கோடி டாலருக்குப் போனது.

பற்றாக்குறையை மட்டும் வைத்துப் பலகையின் கணக்கில் சொன்னால், 2009-இல் நொடிக்குச் சுமார் 45,000 டாலராக இருந்த வேகம், 2015-இல் நொடிக்குச் சுமார் 14,000 டாலராக இறங்கியது. ஓட்டம் தளர்ந்தது, ஆனால் திரும்பவில்லை. "பற்றாக்குறையை மூன்றில் இரண்டு பங்கு குறைத்தோம்" என்று ஆளும் தரப்பு சொல்லலாம். "கடனை ஆறு லட்சம் கோடி ஏற்றிவிட்டார்கள்" என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். இரண்டும் ஒரே கணக்கேட்டிலிருந்து வருபவை, இரண்டும் சரி. கேட்பவருக்குத்தான் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று தோன்றும்.

இந்தக் குழப்பம் ஒரு நாட்டின் தலைமை அமைச்சரையே மாட்டிவிட்டிருக்கிறது. 2013 தொடக்கத்தில் பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரன், கட்சி சார்பான தொலைக்காட்சி உரை ஒன்றில், தம் அரசு நாட்டின் கடன்களை அடைத்து வருவதாகச் சொன்னார். எதிர்க்கட்சித் தரப்பு இதைப் புள்ளிவிவர ஆணையத்திடம் கொண்டு போனது. அதன் தலைவர் ஆண்ட்ரூ டில்னாட் பதிலில் எண்களை அப்படியே எடுத்து வைத்தார். 2010-இன் நடுவில் சுமார் 81,100 கோடி பவுண்டாக இருந்த பொதுத்துறை நிகரக் கடன், 2012 முடிவில் சுமார் 1,11,100 கோடி பவுண்டு ஆகியிருந்தது. அந்த ஆட்சி பற்றாக்குறையைக் குறைத்திருந்தது உண்மை. கடனை அடைக்கவில்லை, முன்பைவிட மெதுவாக ஏற்றிக்கொண்டிருந்தது.

சரி, இதுவரை சொன்னது வரைக்கும் கணக்கு எளிதுதான். பற்றாக்குறை இருந்தால் கடன் ஏறும், உபரி வந்தால் கடன் இறங்கும். இப்போது மூடி வைத்த அந்தப் பலகைக்குத் திரும்புவோம், ஏனென்றால் அங்கேதான் இந்த எளிய விதி உடைகிறது.

அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்கி அடுத்த செப்டம்பர் 30-இல் முடியும். 2000 நிதியாண்டில் அரசுக்கு 23,620 கோடி டாலர் உபரி. அந்நாட்டு வரலாற்றில் அதுவரை அவ்வளவு பெரிய உபரி வந்ததில்லை. அப்படியென்றால் கடன் அதே அளவு இறங்கியிருக்க வேண்டும் அல்லவா? கருவூலத்தின் பதிவைப் பாருங்கள். 1999 செப்டம்பர் முடிவில் மொத்தக் கடன் சுமார் 5.656 லட்சம் கோடி டாலர். 2000 செப்டம்பர் முடிவில் சுமார் 5.674 லட்சம் கோடி டாலர். குறையவில்லை. சுமார் 1,800 கோடி டாலர் கூடியிருக்கிறது!

இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "உபரி என்பதே பொய்" என்று வாதிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பொய் இல்லை. அவர்கள் பார்க்கத் தவறுவது, கடன் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு தனித்தனிப் பெட்டிகள் இருப்பதை.

முதல் பெட்டி, வெளியாரிடம் அரசு பட்ட கடன். வங்கிகள், ஓய்வூதிய நிறுவனங்கள், தனிநபர்கள், பிற நாடுகள், மத்திய வங்கி என்று பலரும் வாங்கி வைத்திருக்கும் கடன் பத்திரங்கள் இதில் சேரும். இரண்டாவது பெட்டி, அரசின் ஒரு கை மறு கைக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. ஓய்வு பெற்றோருக்கு மாதாமாதம் பணம் தருகிற சமூகப் பாதுகாப்பு நிதியில், சம்பளத்திலிருந்து பிடிக்கும் தொகை அன்று கொடுப்பதைவிட அதிகமாக வந்துகொண்டிருந்தது. அந்த மிச்சத்தை அந்த நிதி சும்மா வைத்திருக்க முடியாது. கருவூலத்தின் தனிவகைப் பத்திரங்களில் போட வேண்டும் என்பது சட்டம். கருவூலம் பணத்தை வாங்கிக்கொண்டு பத்திரத்தைக் கொடுக்கும். அரசு ஊழியர், படைவீரர் ஓய்வூதிய நிதிகளுக்கும் இதே ஏற்பாடுதான்.

இந்தப் பத்திரங்கள் சந்தையில் விற்பனைக்கு வருவதில்லை. மேற்கு வர்ஜீனியாவில் பார்க்கர்ஸ்பர்க் என்ற ஊரில் இருக்கும் கருவூல அலுவலகத்தில், சாதாரணக் கோப்பு அலமாரி ஒன்றில், கோப்பில் செருகிய தாள்களாக அவை இருந்தன. 2005 ஏப்ரலில் அதிபர் ஜார்ஜ் புஷ் அங்கே நேரில் போய் அந்த அலமாரியைத் திறந்து பார்த்தார். சுமார் 1.7 லட்சம் கோடி டாலர் பாக்கிக்கு அடையாளமாகக் கையில் எடுத்துப் பார்க்கும்படி இருந்தது அந்தத் தாள்கள் மட்டும்தான். அதற்காக அந்தக் கடன் கற்பனை என்று ஆகிவிடாது. ஓய்வூதியம் கொடுக்கும் நாள் வரும்போது கருவூலம் அந்தத் தாளுக்குப் பணம் தந்தே ஆக வேண்டும்.

இப்போது 2000-ஐ மறுபடியும் எழுதிப் பார்ப்போம். அந்த ஆண்டு வெளியாருக்கான கடன் சுமார் 3.63 லட்சம் கோடியிலிருந்து 3.41 லட்சம் கோடி டாலராக, அதாவது 22,000 கோடி அளவுக்குக் குறைந்தது. உபரிப் பணம் போன இடம் அதுதான். 23,620 கோடி உபரிக்கும் இந்தக் குறைவுக்கும் உள்ள சிறு இடைவெளிக்குக் காரணம், அரசு மாணவர் முதலானோருக்குக் கொடுத்த கடன்களும் கையிருப்பில் ஏற்பட்ட மாற்றமும். அவை பட்ஜெட் செலவில் முழுத்தொகையாக ஏறுவதில்லை. இன்னொரு பக்கம், உள்பெட்டிக் கடன் அதே ஆண்டில் சுமார் 24,000 கோடி டாலர் கூடியது. ஓய்வூதிய நிதிகளின் மிச்சம் பத்திரமாக மாறியதும், ஏற்கெனவே வைத்திருந்த பத்திரங்களுக்கு வட்டியாக இன்னும் பத்திரங்கள் கொடுத்ததும்தான் காரணம். வெளிப்பெட்டி இறங்கியதைவிட உள்பெட்டி கொஞ்சம் அதிகமாக ஏறிவிட்டது. கூட்டினால் மொத்தம் துளி மேலே.

உபரிக் கணக்கில் என்ன நடந்தது என்பதும் இதோடு சேர்ந்தது. 23,620 கோடி உபரியில் கிட்டத்தட்ட 15,000 கோடி, சமூகப் பாதுகாப்பு நிதியின் மிச்சம். அரசு முழுவதையும் ஒரே வீடாகப் பார்த்தால் அது வரவு. அதனால் உபரி. அதே தொகையைக் கடன் பதிவேட்டில் பார்த்தால், கருவூலம் அந்த நிதிக்குத் தர வேண்டிய பாக்கி. ஒரே டாலர் ஒரு ஏட்டில் உபரியாகவும் இன்னொரு ஏட்டில் கடனாகவும் நிற்கிறது. பட்ஜெட் ஏடு மொத்த வீட்டைப் பார்க்கிறது, கடன் ஏடு ஒவ்வொரு அறையின் பாக்கியையும் தனித்தனியாக எழுதுகிறது. பற்றாக்குறையோ உபரியோ நேராகப் பொருந்துவது வெளியாருக்கான கடனோடுதான், மொத்தக் கடனோடு அல்ல. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் இணையத்தில் நடக்கும் பாதிச் சண்டை தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

அப்படியானால் பலகையில் எண் இறங்கியது என்றேனே, அது எப்படி? அது மொத்தக் கடனைக் காட்டும் பலகை. நிதியாண்டுக் கணக்கில் மொத்தக் கடன் கூடியது, ஆனால் நாட்காட்டி ஆண்டுக் கணக்கில் குறைந்தது. 1999 டிசம்பர் முடிவில் சுமார் 5.78 லட்சம் கோடி, 2000 டிசம்பர் முடிவில் சுமார் 5.66 லட்சம் கோடி. வரி வரவு குவியும் மாதங்களும் பத்திரங்களுக்கு வட்டி சேரும் மாதங்களும் வேறு வேறு. கடனுக்குத் தேதி வேண்டும் என்று முதலிலேயே சொன்னதற்கு இதுதான் காரணம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று மாற்றினால், ஒரே ஆண்டில் கடன் ஏறியது என்றும் காட்டலாம், இறங்கியது என்றும் காட்டலாம்.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. விழுந்த துண்டைவிட அதிகமாகக் கடன் ஏறுவது. 2020 நிதியாண்டில் அமெரிக்காவின் பற்றாக்குறை சுமார் 3.13 லட்சம் கோடி டாலர். வெளியாருக்கான கடனோ சுமார் 4.2 லட்சம் கோடி ஏறியது. மீதி எங்கே போனது என்றால், பெரும்பாலும் எங்கும் போகவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் எப்போது எவ்வளவு தேவைப்படுமோ என்று கருவூலம் முன்கூட்டியே கடன் வாங்கி வைத்துக்கொண்டது. ஓராண்டுக்கு முன் 38,000 கோடி டாலராக இருந்த கையிருப்பு, அந்த ஆண்டு முடிவில் 1.78 லட்சம் கோடியாக இருந்தது. கடன் வாங்கி வைப்பது செலவு ஆகாது. ஆகவே பற்றாக்குறையில் அது தெரியாது, கடனில் மட்டும் தெரியும்.

குழப்பத்துக்கு இன்னொரு வாசல், "அரசு இந்த ஆண்டு இவ்வளவு கடன் வாங்குகிறது" என்ற வகைச் செய்தி. சின்ன எண்களில் பார்ப்போம். ஒரு அரசுக்கு 5,000 கோடி கடன் இருக்கிறது. அதில் 800 கோடிப் பத்திரங்கள் இந்த ஆண்டு முதிர்கின்றன. பட்ஜெட்டில் துண்டு 200 கோடி. பழைய பத்திரத்துக்குப் பணம் திருப்பிக் கொடுக்க 800, துண்டை அடைக்க 200, ஆக 1,000 கோடிக்குப் புதுப் பத்திரங்களை ஏலம் விட வேண்டும். தலைப்பில் 1,000 கோடி என்று வரும். ஆனால் கடன் ஏறியது 200 கோடிதான், 5,000 இருந்தது 5,200 ஆகும். அசலைத் திருப்பித் தருவது பற்றாக்குறைக் கணக்கில் செலவாக எழுதப்படுவதில்லை. அது ஒரு பத்திரத்தை எடுத்து இன்னொன்றை வைப்பது. செலவில் எழுதப்படுவது வட்டி மட்டும்.

அந்த வட்டியால்தான் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. பற்றாக்குறை கடனை ஏற்றுகிறது, கடனுக்கான வட்டி அடுத்த ஆண்டுப் பற்றாக்குறையை ஏற்றுகிறது. வட்டி விகிதம் உயரும்போது, புதிதாக ஒரு திட்டமும் அறிவிக்காமலே துண்டு பெரிதாகும். அமெரிக்க அரசின் நிகர வட்டிச் செலவு 2021 நிதியாண்டில் சுமார் 35,000 கோடி டாலராக இருந்து, 2023-இல் சுமார் 66,000 கோடியாக உயர்ந்தது. கடன் அந்த அளவுக்கு இரட்டிப்பாகவில்லை. குறைந்த வட்டியில் வாங்கிய குறுகிய காலப் பத்திரங்கள் முதிர முதிர, அதே கடன் கூடுதல் வட்டிக்கு மாறிக்கொண்டிருந்தது. இதனால்தான் நிதித்துறையில் இருப்பவர்கள் வட்டியை ஒதுக்கிவிட்டு, முதன்மைப் பற்றாக்குறை என்று தனியாக ஒரு கணக்குப் பார்ப்பார்கள். இந்த ஆண்டின் முடிவுகளால் விழுந்த துண்டு எது, பழைய பாக்கி இழுத்து வந்த துண்டு எது என்று அதில் பிரித்துத் தெரியும்.

அப்புறம் ஜிடிபி சதவீதம். இரண்டையும் நாட்டின் ஆண்டு உற்பத்தியோடு ஒப்பிட்டுச் சொல்வது வழக்கம். ஐரோப்பிய ஒன்றியம் 1992-இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில் பற்றாக்குறைக்கு 3 சதவீதம், கடனுக்கு 60 சதவீதம் என்று வரம்பு வைத்தது. இரண்டும் "சதவீதம்" என்று முடிவதால், இரண்டும் ஒரே ஜாதிப் பொருள் போலத் தெரிகிறது. 3 என்பது ஓராண்டில் சேர்வது, 60 என்பது சேர்ந்து கிடப்பது.

இந்தச் சதவீதத்தில் ஒரு வியப்பு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1946-இல் அமெரிக்க அரசு வெளியாருக்குத் தர வேண்டிய கடன், ஜிடிபியில் சுமார் 106 சதவீதம். 1974-இல் அது சுமார் 23 சதவீதம். அப்படியென்றால் அடைத்துவிட்டார்களா? இல்லை. டாலர் கணக்கில் அந்தக் கடன் சுமார் 24,000 கோடியிலிருந்து 34,000 கோடிக்குக் கூடியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பெரும்பாலும் பட்ஜெட்டில் துண்டுதான் விழுந்தது. ஆனால் பொருளாதாரமும் விலைவாசியும் அதைவிட வேகமாக வளர்ந்ததால், அதே கடன் நாட்டின் வருமானத்துக்கு முன்னால் சின்னதாகிவிட்டது. பெரும்பாலான ஆண்டுகளில் துண்டு, ஆனாலும் சுமை இறங்கியது. பற்றாக்குறை இருந்தாலே நாடு கடனில் மூழ்கும் என்று நம்புகிறவர்கள் இந்த 28 ஆண்டுகளை ஒரு தடவை பார்க்க வேண்டும். வளர்ச்சி வேகம் வட்டி விகிதத்துக்குக் கீழே போய்விட்டால், இந்த வசதி போய்விடும் என்பதையும் அவர்கள் கூடவே பார்க்க வேண்டும்.

கடன் உச்சவரம்பு பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் நாடாளுமன்றம் மொத்தக் கடனுக்குச் சட்டப்படி ஒரு வரம்பு வைக்கிறது. வரம்பை உயர்த்துவதைப் பலரும் புதுச் செலவுக்கு அனுமதி என்று நினைக்கிறார்கள். செலவுக்கும் வரிக்கும் அனுமதி தருவது வேறு சட்டங்கள். துண்டின் அளவு அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. வரம்பு வருவது அதற்குப் பின்னால், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செலவுக்குப் பணம் புரட்ட வேண்டிய கட்டத்தில். அதிலும் உள்பெட்டிக் கடனும் இந்த வரம்புக்குள் எண்ணப்படுகிறது. ஆகவே பட்ஜெட்டில் உபரி இருக்கும் ஆண்டிலும், ஓய்வூதிய நிதிகளின் பத்திரங்கள் பெருகி வரம்பை நோக்கிக் கடன் நகர முடியும்.

மூடிய பலகையை 2002 ஜூலையில் மறுபடியும் ஓடவிட்டார்கள். அந்த நிதியாண்டில் பட்ஜெட் பற்றாக்குறைக்குத் திரும்பியிருந்தது. 2008-இல் வேறொரு சிக்கல் வந்தது. மொத்தக் கடன் 10 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. பலகையில் அதற்கு ஓர் இலக்கம் குறைந்தது. முன்னால் இருந்த டாலர் குறியை எடுத்துவிட்டு, அந்தக் கட்டத்தில் 1 என்ற இலக்கத்தைப் போட்டார்கள்.